சுற்றுலா எங்கே? நண்பர்கள் குழுவில் சண்டையில்லாமல் முடிவெடுப்பது எப்படி?

கேள்வி: மதுரையில் நாங்கள் ஒன்பது நண்பர்கள். இரண்டு இரவு, மூன்று நாள் சுற்றுலா போகத் திட்டம். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்தோம். வர்கலா கடற்கரைக்கு 4, மூணாறுக்கு 3, கொடைக்கானலுக்கு 2. வர்கலாதான் என்று சொன்னதும் மூணாறுக்காரர்கள் "நாங்கள் வரவில்லை" என்கிறார்கள். எல்லோரும் ஏற்கும்படி எப்படி முடிவு செய்வது?

பதில்: அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான்கு பேர் வர்கலா கேட்டார்கள் என்றால், ஐந்து பேர் அதைக் கேட்கவில்லை என்றும் அர்த்தம். ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு என்னும்போது, அந்த ஐந்து பேருக்கு வர்கலா இரண்டாவது விருப்பமா, போகவே பிடிக்காத இடமா என்பது தெரியாமலே போகிறது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒவ்வொருவரும் மூன்று ஊர்களையும் பிடித்த வரிசையில் எழுதட்டும். முதல் இடத்துக்கு 2 புள்ளி, இரண்டாவதுக்கு 1, கடைசிக்கு 0. பிரான்ஸைச் சேர்ந்த போர்டா 18ஆம் நூற்றாண்டில் முன்வைத்த முறை இது. உங்கள் எண்ணிக்கையை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். வர்கலா கேட்ட நால்வருக்கு அடுத்து கொடைக்கானல், கடைசியில் மூணாறு என்று வையுங்கள். மூணாறு கேட்ட மூவருக்கும் அடுத்தது கொடைக்கானல், கடைசி வர்கலா. கொடைக்கானல் கேட்ட இருவருக்கு அடுத்தது மூணாறு, கடைசி வர்கலா. கூட்டினால் வர்கலா 8, மூணாறு 8, கொடைக்கானல் 11. முதல் வாக்கெடுப்பில் கடைசியில் நின்ற ஊர்தான் ஜெயிக்கிறது, ஏனென்றால் அதைக் கடைசியில் வைத்தவர் ஒருவர்கூட இல்லை.

சரிதானா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. ஊர்களை இரண்டிரண்டாக மோதவிடுங்கள். கொடைக்கானலா வர்கலாவா என்றால் 5-4. கொடைக்கானலா மூணாறா என்றால் 6-3. இரண்டிலும் கொடைக்கானலே முந்துகிறது. வர்கலாவோ மூணாறிடமும் 4-5 என்று தோற்கிறது. இந்தக் கணக்கை அப்படியே குழுவில் போட்டுக் காட்டினால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

வாக்கை மட்டும் வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் வாங்காதீர்கள். யார் எதற்குப் போட்டார் என்பது அங்கே உடனுக்குடன் தெரிவதால், பின்னால் வருகிறவர் கூட்டம் இருக்கும் பக்கம் சாய்வார், இல்லையென்றால் கணக்குப் பண்ணிப் போடுவார். உதாரணத்துக்கு, வர்கலாக்காரர்கள் நால்வரும் போட்டியாளரை அமுக்க நினைத்து கொடைக்கானலைக் கடைசிக்குத் தள்ளினால் என்ன ஆகும்? கொடைக்கானல் 7, வர்கலா 8, மூணாறு 12. அவர்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத மூணாறே வந்து நிற்கும். அதனால் ஒருவரைப் பொறுப்பாக்கி, குறித்த நேரத்துக்குள் எல்லோரும் அவருக்குத் தனியாக வரிசையை அனுப்புங்கள். நேரம் முடிந்ததும் ஒன்பதையும் அவர் மொத்தமாகக் குழுவில் போடட்டும். ஊர்ப் பட்டியலையும் முன்பே மூடிவிடுங்கள். நடுவில் ஒருவர் வாகமண் என்று நான்காவது ஊரைச் சேர்த்தால் புள்ளிக் கணக்கே மாறிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. யாருக்காவது ஒரு ஊர் சாத்தியமே இல்லை என்றால் அதை வாக்குக்கே விடக்கூடாது. கையில் இருக்கும் பணம், லீவு, மலைப்பாதையில் வாந்தி வருவது, இவை பிடித்தம் பிடிக்காததில் சேராது. ஆளுக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதையும் அந்தப் பொறுப்பாளரே தனியாகக் கேட்கட்டும். குழுவில் வைத்துக் கேட்டால், கையில் குறைவாக இருப்பவர் வாய் திறக்கமாட்டார்.

சமரசம் என்றதும் "ஒரு ராத்திரி கொடைக்கானல், ஒரு ராத்திரி மூணாறு" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி, தேனி, போடி வழியாகத் திரும்பவும் மலை ஏறுவதிலேயே நடுநாளில் பெரும்பகுதி போய்விடும். நான் ஒருமுறை அப்படி ஒரு குழுவை அழைத்துப் போனேன். இரண்டு ஊரையும் வேன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம்.

அதற்குப் பதில், தோற்ற ஊரில் எது பிடித்தது என்று கேளுங்கள். மூணாறுக்காரர்கள் நடக்க ஆசைப்பட்டிருந்தால், ஒரு காலை கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை அவர்கள் தலைமையில் போங்கள். வரும்போது ஏற்றம், அதனால் வெயிலுக்கு முன் கிளம்புங்கள். வர்கலாக்காரர்கள் தேடியது தண்ணீரும் அவசரமில்லாத பொழுதும் என்றால், இன்னொரு நாளை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். லேட்டாக எழுந்து, ஏரியில் படகு, அவ்வளவுதான். அடுத்த பயணம் கடற்கரைதான் என்று இப்போதே எழுதியும் வைத்துவிடுங்கள்.

கொடைக்கானல் என்று முடிவானதும் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள். முன்பணத்தையும் அன்றே வாங்கிவிடுங்கள், இரண்டு நாள் விட்டால் பேச்சு மறுபடி வர்கலாவுக்கே திரும்பும்.