காய்கறிக் கடைக்காரருக்கு நோட்டுக் கணக்கால் கடன் கிடைக்குமா?

கேள்வி: தள்ளுவண்டியில் காய் விற்பவர் தினமும் கணக்கு எழுதினால் பேங்க் கடன் கிடைக்குமா?

கிடைக்க உதவும். சேலம் அம்மாபேட்டையில் காய் விற்கும் ஓர் அக்காவின் கதையாகவே சொல்கிறேன். தினக்கணக்கு என்றால் அன்றைய வரவு, செலவை அன்றே எழுதுவது. வீட்டில் பால் அட்டை குறிப்பது போலத்தான். அக்காவின் ஒரு நாள்: கொள்முதல் ₹3,000, ஆட்டோ ₹150, விற்பனை ₹3,900. மிச்சம் ₹750. அதில் வீட்டுச் செலவுக்கு எடுத்த ₹500-ஐயும் தனியாக எழுதினார். இதுதான் முக்கியம், பலர் விடுவதும் இதைத்தான். அப்புறம் விற்ற பணத்தைப் பேங்கில் போட்டு வந்ததால் நோட்டும் பாஸ்புக்கும் ஒத்துப்போயின.

பேங்க் பார்ப்பது தவணை கட்டும் தெம்பை. வீட்டுச் செலவும் போக நாளுக்கு ₹250 மிஞ்சினால், 26 நாளில் ₹6,500. சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டமான முத்ராவில் சிசு கடன் ₹50,000-ஐ மூன்று வருடத்தில் அடைக்க மாதம் ₹2,000-க்குள் போதும் என்பதால் மேலாளர் சம்மதித்தார்.

நோட்டு இருந்தாலே கடன் உறுதி என்று சிலர் நினைக்கிறார்கள்; ஆனால் பழைய கடனுக்குத் தவணை கட்டாமல் பாக்கி வைத்திருந்தால் மறுக்கலாம்.