வீட்டை அடகு வைக்குமுன் ஆறு வாரம் கொடுங்கள்

ரோஸ்ஹில்லில் இருந்து வந்த அம்மாவுக்கு,

மகள் எச்எஸ்சி முடித்துவிட்டாள், கணக்கியலில் நல்ல மதிப்பெண். அவளுக்கு இங்கேயே ஒரு வேலையில் சேர்ந்து, ஏசிசிஏ என்ற கணக்காளர் தகுதிக்கான தாள்களைத் தானே படித்து எழுத ஆசை. உங்கள் அண்ணனோ, "வீட்டில் இருந்தால் பிள்ளை படிக்காது, லண்டனுக்கு அனுப்பு, வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம்" என்கிறார். நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தனியாகப் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து விமானச் சீட்டு இல்லை. அங்கே போனாலும் அறைக்குள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது அவள்தான். வித்தியாசம், உங்கள் தலையில் கடன் இருக்கும். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வங்கிக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரெதுயில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் டியூஷன் வகுப்புகளைப் பற்றியும் உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாதது, கணக்குக் கேட்கும் துணை. ஒரே தாளை எழுதும் மூன்று பேர், வாரம் ஒருமுறை ஒருவருக்கொருவர் செய்ததைக் காட்டுவது. கேட்க எளிது, நடத்தத் தெரியாவிட்டால் நான்காம் வாரத்தில் செத்துவிடும்.

முதலில் தாளைப் பாருங்கள். ஏசிசிஏயின் தொடக்கத் தாள்களில் ஒன்று நிதிக் கணக்கியல், எஃப்ஏ என்பார்கள். இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண், 50 எடுத்தால் தேர்ச்சி. இரண்டு மதிப்பெண் கேள்விகள் 35, பதினைந்து மதிப்பெண் கேள்விகள் 2. இதை எழுத ஒரே ஒரு நாள் என்று கிடையாது. எப்போது வேண்டுமானாலும் மையத்தில் நாள் பதிந்து கணினியில் எழுதலாம், முடித்தவுடன் முடிவு தெரியும். வசதிதான், ஆனால் இதுவே கண்ணியும்கூட. நாள் இல்லாத பரீட்சைக்கு "அடுத்த மாதம் எழுதலாம்" என்று ஓராண்டு ஓடிவிடும். அந்த நாளைக் குறிப்பதுதான் குழுவின் முதல் வேலை.

ஆட்கள் மூன்று பேர் இருக்கட்டும். இருவர் என்றால் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததும் எல்லாம் நின்றுபோகும். ஐந்து பேர் என்றால் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். உயிர்த் தோழியைச் சேர்க்க வேண்டாம், அவள் "பரவாயில்லைடி" என்று சொல்லிவிடுவாள். நீங்களும் வேண்டாம், அம்மா. நீங்கள் கேட்டால் அது விசாரணையாகிவிடும், பிள்ளை உண்மையை மறைக்கும். எச்எஸ்சி கணக்கியல் டியூஷனில் கூடப் படித்த ஒருத்தி, எபேனில் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இதே தாளுக்குப் படிக்கும் ஒருவர் போதும். தேவையானது மூன்றுதான்: அதே தாள், ஒன்றுக்கொன்று பத்து நாள் இடைவெளிக்குள் அடங்கும் பரீட்சைத் தேதிகள், ஏறக்குறைய ஒரே தரம். மகள் இப்படிக் கேட்கலாம்: "ஆறு வாரம் மட்டும், ஞாயிறு மாலை ஏழு மணிக்கு இருபது நிமிஷம் வாட்ஸ்அப்பில் பேசலாமா?" முடிவு தேதி சொன்னால் ஆட்கள் சம்மதிப்பார்கள். "எப்போதும் சேர்ந்து படிப்போம்" என்றால் தலையாட்டிவிட்டு வரமாட்டார்கள்.

ஞாயிறு பேச்சில் ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: போன வாரம் என்ன செய்வேன் என்றேன், என்ன செய்தேன், இந்த வாரம் எந்த நாள் எத்தனை மணிக்கு என்ன செய்வேன். மணிக்கணக்கைச் சொல்லக் கூடாது. "பத்து மணி நேரம் படித்தேன்" என்பதில் எதுவும் தெரியாது. கேள்விகளின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். வாரம் 70 சிறு கேள்விகள், ஒரு பெரிய கேள்வி. பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிடம்தான், அதனால் பெரிய கேள்வியை 18 நிமிடத்தில் முடிக்க வேண்டும். புதன்கிழமை பேச்சு இல்லை, திருத்திய தாளின் படம் மட்டும் அனுப்பினால் போதும், தவறானவற்றுக்கு வட்டமிட்டு.

அந்த வட்டங்கள் எதற்கு என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஒரு கடை தொடங்கிய முதல் ஆண்டு. ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை ஓராண்டு வாடகை ரூ. 1,20,000 முன்பணமாகக் கட்டியது. கணக்கு ஆண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. இந்த ஆண்டுச் செலவு எவ்வளவு? ஒன்பது மாதம், ரூ. 90,000. மீதி ரூ. 30,000 முன்கூட்டிக் கட்டியது, அது சொத்து. பிள்ளைகள் அந்த முப்பதாயிரத்தைப் பாக்கி என்று நினைத்துக் கூட்டி 1,50,000 என்று எழுதுவார்கள். "படிச்சுட்டேன்" என்ற செய்தியில் இது ஒருநாளும் தெரியாது, படத்தில் தெரியும். துணை ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இதில் ஏன் கூட்டினாய்?" மூன்று வாரம் தொடர்ந்து இதே வட்டம் வந்தால் அந்தப் பாடத்துக்கு மட்டும் ஒரு ஆசிரியரைத் தேடுங்கள். முழு டியூஷன் கட்டணம் தேவையில்லை.

இனி, எங்கே முறிகிறது என்று பார்ப்போம். முதல் இரண்டு வாரம் எல்லோரும் உற்சாகமாக அனுப்புவார்கள். மூன்றாவது வாரம் ஒருத்தி அனுப்பாமல் விடுவாள். வெட்கத்தில் பேச்சுக்கும் வரமாட்டாள். மற்ற இருவரும் மனம் நோகக் கூடாதென்று கேட்கமாட்டார்கள். அத்தோடு முடிந்தது. அறிகுறி எளிது: செய்தியில் எண் இருந்த இடத்தில் "இந்த வாரம் கொஞ்சம் வேலை" என்று வரும். இதற்கு முதல் நாளே ஒரு விதி வேண்டும். செய்யவில்லை என்றால் "பூஜ்யம்" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஏழு மணிப் பேச்சுக்கு வந்தே ஆக வேண்டும். மோசமான வாரத்துக்கு அளவு பத்துக் கேள்வி. இரண்டு பூஜ்யம் தொடர்ந்து வந்தால், மற்றவர் தொலைபேசியில் பத்து நிமிடம் பேச வேண்டும்.

நம் தீவில் இன்னொன்று இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை தொடங்கும் குழுக்களை புத்தாண்டும் காவடியும் புயலும் நடுவில் அறுத்துவிடும். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்தால் ஊரே அடைத்துவிடும், மின்சாரமும் போகும். அந்த வாரம் போனதில் குற்றமில்லை, அதற்குப் பிறகு முதலில் யார் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாததால்தான் குழு சாகிறது. ஆகவே வாரா வாரம் கூப்பிடும் ஆளை முன்பே எழுதி வையுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த பெயருக்குரியவர் ஞாயிறு ஏழுக்கு அழைப்பார்.

தவறினால் நூறு ரூபாய் அபராதம் என்று சிலர் வைப்பார்கள். வேண்டாம். இஸ்ரேலில் குழந்தைக் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்ததை கினீசியும் ருஸ்டிச்சினியும் 2000இல் எழுதினார்கள்: தாமதம் கூடியது. காசு கொடுத்தால் குற்ற உணர்வு தீர்ந்துபோகிறது. அந்தப் பணத்தைப் பரீட்சைக் கட்டணத்தில் போடுங்கள். இரண்டாம் வார முடிவுக்குள் மூவரும் நாள் பதிந்து அதன் படத்தைக் குழுவில் அனுப்பட்டும்.

முதலில் தேறியவர் மற்ற இருவரும் எழுதும் வரை தாள் திருத்தித் தர வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பு. அடுத்த தாளுக்கு வேண்டுமென்றால் புதிதாகச் சேரலாம், வேண்டாமென்றால் கோபமில்லாமல் பிரியலாம்.

உங்கள் அண்ணனிடம் இந்த ஆறு வாரத்தைச் சொல்லுங்கள், குழுவில் அவரைச் சேர்க்காதீர்கள். ஆறு வாரத்தில் மகளுக்கு மூன்று பூஜ்யத்துக்கு மேல் வந்தால் திட்டாதீர்கள். கணக்கியல் அவளுக்குப் பிடித்ததா, அல்லது மதிப்பெண் வந்ததால் எடுத்ததா என்று அமைதியாகக் கேளுங்கள், பிறகு என்னிடம் அழைத்து வாருங்கள். தேறினால் அடுத்த தாளின் நாளைப் பதிந்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். இரண்டில் எது நடந்தாலும் வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.