பார்த்து நடக்கவும்

கேள்வி: போஸ்ட் கார்டும் தந்தியும் மட்டும் இருந்த காலத்தில் காதலர்கள் எப்படி எழுதிக்கொண்டார்கள்? அவ்வளவு சின்ன இடத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி இருக்கும்போது, அன்பை எப்படிச் சொல்ல முடிந்தது?

என் அப்பா அம்மாவுடைய கார்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. மொத்தம் 43. அவற்றை வைத்துத்தான் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியும்.

அம்மா வீடு ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். ஒண்டுக்குடித்தனம், ஒரே வாசலுக்குள் ஏழு குடும்பம். அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். 1981 ஆவணியில் நிச்சயம் பண்ணிவிட்டு, அப்பா விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் இடத்துக்கு வெல்டர் வேலைக்குப் போய்விட்டார். கல்யாணம் அடுத்த வைகாசியில். நடுவில் இருந்த ஒன்பது மாதத்தில் வந்ததும் போனதும்தான் இந்த 43 கார்டு.

ஏன் கார்டு, இன்லண்ட் லெட்டர் இல்லையா என்று நான் முதலில் கேட்டேன். கார்டு அப்போது 15 காசு, இன்லண்ட் அதைவிட அதிகம். ஆனால் காசு மட்டும் காரணம் இல்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஒட்டிய கடிதம் வந்தால், உள்ளே என்ன என்று ஏழு குடும்பமும் கேட்கும். கார்டுக்கு அந்தக் கேள்வியே இல்லை. போஸ்ட்மேன் வாசலில் நின்று "போஸ்டு!" என்று குரல் கொடுப்பார். யார் கைக்கு வருகிறதோ அவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உரிய வீட்டில் கொடுப்பார்கள். எல்லோரும் படித்தாகிவிட்டது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. உறை இல்லாததுதான் அவர்களுக்குக் கிடைத்த அனுமதி. ஆக, யார் படித்தாலும் தவறாகத் தெரியக் கூடாது, ஒருத்திக்கு மட்டும் புரிய வேண்டும். இப்படித்தான் எழுதியாக வேண்டும்.

அப்பா அந்தக் கார்டுகளை அம்மாவுக்கு எழுதவே இல்லை. எல்லாமே தாத்தா பெயருக்குத்தான். தாத்தா அப்பாவுக்குத் தாய்மாமன், அதனால் "அன்புள்ள மாமா அவர்களுக்கு" என்று ஆரம்பிக்கும். ஆனால் தாத்தாவுக்குக் கண்ணில் புரை. படித்துக் காட்டுவது அம்மா. அது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தாத்தாவுக்கு எழுதும் ஒவ்வொரு வரியும் அம்மா கண்ணில் முதலில் பட்டு, அம்மா வாயால்தான் சொல்லப்படும். அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்.

12-11-81 தேதியிட்ட ஒரு கார்டு இது. மேலே பிள்ளையார் சுழி, ஊர், தேதி. அப்புறம் இப்படி:

"அன்புள்ள மாமா அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். அங்கு நல்ல மழை என்று பேப்பரில் பார்த்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? பம்படியில் பாசி பிடித்திருக்கும். வழுக்கும், பார்த்து நடக்கவும். விடியற்காலையில் குளிர் காற்று வேண்டாம். இங்கு மெஸ் சாப்பாடு பரவாயில்லை. மீன் குழம்பு மட்டும் நம் வீட்டு ருசி வரவில்லை. அத்தை, பெரியவன், சின்னவன், எதிர் போர்ஷன் ஆயா எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்."

சாதாரணக் கார்டு மாதிரிதான் இருக்கிறது. நானும் முதலில் தள்ளிவிட்டேன். அம்மாதான் விரலை வைத்துக் காட்டினார். தாத்தா ஒரு நாளும் பம்படிக்குப் போனது கிடையாது. ஏழு குடும்பத்துக்கும் ஒரே அடிபம்பு. கூட்டம் சேர்வதற்கு முன்னால் நான்கு மணிக்கே எழுந்து குடம் வைத்துத் தண்ணீர் அடிப்பது அம்மா. "விடியற்காலையில் குளிர் காற்று வேண்டாம்" என்பதும் அந்த நான்கு மணிக்காகச் சொன்னது. ஆனால் எழுத்தில் பார்த்தால் அது மாமாவிடம் காட்டிய அக்கறை.

இதற்குத் தமிழில் அப்பா பிடித்துக்கொண்ட பிடி அந்த "நடக்கவும்". "நட" என்றால் யாரோ ஒரு சின்னவரிடம் சொல்வது. "நடங்க" என்றால் பெரியவரிடம். "நடக்கவும்", "சொல்லவும்", "பார்க்கவும்" என்பதில் ஆளே கிடையாது. வாயால் யாரும் அப்படிப் பேசுவதில்லை, கடிதத்திலும் நோட்டீஸ் போர்டிலும்தான் அது வரும். ஒரே கார்டில் மாமாவிடம் மரியாதையாகவும் அவர் மகளிடம் நேராகவும் பேச வேண்டுமானால் அந்த "வும்"மை விட்டால் வேறு வழி இல்லை. 43 கார்டில் அப்பா எழுதியவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒரு இடத்திலும் "நீ" இல்லை.

இன்னொன்று கடைசி வரி. எல்லோரையும் விசாரித்தவர் அம்மாவை மட்டும் விட்டுவிட்டார். படித்துக் காட்டும்போது அம்மா அந்த இடத்தில் ஒரு நொடி நிற்பாராம். பாட்டி, "உன்னக் கேக்கலியா அவன்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம். மற்றவர்களை எல்லாம் கேட்டதாகச் சொல்லச் சொல்லி அம்மாவிடம்தானே சொல்லியிருக்கிறார், அப்புறம் தனியாகத் தன்னை எதற்குக் கேட்க வேண்டும் என்று அம்மா நினைத்துக்கொண்டாராம். ஒரே ஒரு கார்டில் அம்மா பெயரும் பட்டியலில் இருந்தது. அந்தக் கார்டை இரண்டு நாள் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

பதில் போட இன்னொரு ஏற்பாடு. ரிப்ளை கார்டு என்று ஒன்று அப்போது தபால் ஆபீஸில் கிடைக்கும். இரண்டு கார்டு ஒன்றாகச் சேர்ந்து மடிந்திருக்கும், இரண்டுக்கும் சேர்த்து அனுப்புகிறவரே காசு கொடுத்துவிடுவார். அப்பா தன் விலாசத்தையும் எழுதியே அனுப்பிவிடுவார். கிழித்து எழுதிப் பெட்டியில் போட வேண்டியதுதான். பதினைந்து காசுக்கு அம்மா யாரிடமும் கை நீட்ட வேண்டாம். "கார்டு எதுக்கு?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம். அப்பா அனுப்பியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றும் எழுதாத அந்தப் பாதிதான்.

பதிலைத் தாத்தா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவார். கார்டு பதினான்கு சென்டிமீட்டர் நீளம், ஒன்பது சென்டிமீட்டர் அகலம். பின்பக்கம் முழுதும் எழுதலாம், விலாசப் பக்கத்தில் இடது பாதியிலும் எழுதலாம். வலது பாதி விலாசத்துக்கு. தாத்தா பேச்சு பின்பக்கத்தோடு முடிந்துவிடும். "மிச்ச எடத்த வீணாக்காத, எதுனா எழுதும்மா" என்பாராம். அந்த இடது பாதிதான் அம்மாவுக்கு. நான்கைந்து வரி, அவ்வளவுதான். நவம்பர் கார்டுக்குப் பதிலில் அந்த இடத்தில் இருப்பது: "பம்படியில் மணல் போட்டாயிற்று. இப்போது வழுக்கவில்லை. மீன் குழம்பு இங்கும் முன்போல் இல்லை." யார் மணல் போட்டது, யாருக்கு வழுக்கவில்லை, குழம்பு ஏன் முன்போல் இல்லை, எதுவுமே சொல்லவில்லை. அப்பா அந்தக் கார்டை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தார் போல, ஓரமெல்லாம் மெழுகு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

தந்தி விஷயம் வேறு. கார்டில் இடம்தான் அளவு, தந்தியில் ஒவ்வொரு சொல்லும் காசு. நீளமான சொல்லாக இருந்தால் அதை இரண்டாக எண்ணுவார்கள். வாழ்த்துத் தந்திக்கு எண் போட்ட வாசகங்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள். தீபாவளிக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு, பரீட்சை தேறினதற்கும் உண்டு. உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு எண் கிடையாது.

1982 பொங்கலுக்கு அப்பாவுக்குத் திடீரென்று லீவு கிடைத்தது. திங்கட்கிழமை தெரிந்தது, செவ்வாய் ரயில் ஏறினால் போகியன்று காலை சென்ட்ரல். கார்டு போய்ச் சேர மூன்று நாலு நாள் ஆகும், அவரே முன்னால் வந்துவிடுவார். தந்தி கொடுத்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவுதான். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே அழ ஆரம்பித்துவிடுவார்கள். இது அப்பாவுக்குத் தெரியும், அதனால் மார்கழியிலேயே ஒரு கார்டில் எழுதியிருந்தார்: "என்னிடமிருந்து தந்தி வந்தால் பயப்பட வேண்டாம், லீவு என்று அர்த்தம்." இருந்தும் பாட்டி மார்பில் அடித்துக்கொண்டார். அம்மாதான் ஓடிப்போய் வாங்கியிருக்கிறார்.

புறப்படும் நாள், ரயில் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியபின், கட்டின காசுக்கு இன்னும் ஒரு சொல்லுக்கு இடம் இருந்ததாம். ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் கவுண்டரில் இருப்பவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அதனால் தமிழில் "வர்றேன்" என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வீட்டுப் பேச்சு அப்படியே. கார்டில் ஒரு நாளும் அவர் அப்படி எழுதியதில்லை, அங்கே "வருகிறேன்"தான்.

அது சரியாக வந்து சேரவில்லை. அவர் கொடுத்தது வி, ஏ, ஆர், ஆர், இ, என் என்று ஆறு எழுத்து. வந்தது வி, ஏ, ஆர், ஆர், ஆர் என்று ஐந்து. ஏன் என்று பல வருஷம் கழித்து, மோர்ஸ் அடித்துப் பழகிய ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். "இ" என்றால் ஒரு புள்ளி. "என்" என்றால் ஒரு கோடு, ஒரு புள்ளி. நடுவில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி குறுகிவிட்டால் புள்ளி, கோடு, புள்ளி என்று ஒன்றாகிவிடும், அது "ஆர்". ஆங்கிலச் சொல்லாக இருந்தால் வாங்குகிறவர் தானே திருத்திவிடுவார். தெரியாத பாஷைச் சொல்லில் எது தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? காதில் விழுந்ததை எழுதிவிட்டார்.

அம்மா எட்டாவது வரை படித்தவர். மாடி வீட்டுப் பையன் ஆங்கிலத்தை எல்லாம் படித்துச் சொல்லிவிட்டு, கடைசிச் சொல் என்ன என்று தெரியவில்லை, பிழை போல என்றானாம். அம்மா எழுத்தைக் கூட்டிப் பார்த்தார். "வர்ர்" வரைக்கும் வந்தது. மிச்சத்தை அவரே வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அந்தத் தந்திக் காகிதமும் டப்பாவில் இருக்கிறது, கார்டுகளுக்கு அடியில்.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் அப்பாவுக்கு அங்கே வீடு கிடைக்கவில்லை. அப்போதுதான் இன்லண்ட் வர ஆரம்பித்தது, அம்மா பெயருக்கே, ஒட்டி. அவற்றை அம்மா எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் கடிதத்தைப் பற்றி மட்டும் சொன்னார். யார் பார்ப்பார்கள் என்ற பயமே இல்லாத முழுக் காகிதம். அதிலும் அப்பா, "உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்றுதான் எழுதியிருந்தாராம். யாருக்கு எழுதுறீங்க, எங்க அப்பாவுக்கா என்று கேட்டு அம்மா பதில் போட்டிருக்கிறார்.

அடுத்த கடிதத்தில் "பார்த்துக்கொள்" என்று வந்தது.