மொட்டை, ஜின், 420

அண்ணா, வணக்கம். ஏமாற்றுக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. நாமம், மொட்டை, அல்வா, ஜின், 420 என்று வந்துகொண்டே இருக்கும். போன மாதம் என் சித்தி ஆன்லைன் தங்க வியாபாரம் என்று நம்பிச் சேமிப்பை எல்லாம் இழந்துவிட்டார். அப்போதும் இதே வார்த்தைகள்தான் சிரிப்போடு வந்தன. இத்தனை வார்த்தை இருந்தும் அவரை ஏன் ஒன்றும் காப்பாற்றவில்லை? கோயில் பெண்கள் குழுவில் இதைச் சொல்லி எச்சரிக்கலாமா? சித்தி பெயர் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, மோல்மீன்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் சித்தியிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று இனி யார் வந்தாலும் ஒரு காசு கொடுக்க வேண்டாம். ஏமாந்தவர்களின் போன் எண்கள் கும்பல்களுக்குள் கைமாறுகின்றன. வக்கீல் என்றோ போலீஸ் என்றோ சொல்லிக்கொண்டு இரண்டாவது சுற்று வரும். அது முதல் சுற்றை விடக் கொடியது, ஏனென்றால் அப்போது கடன் வாங்கித்தான் கட்டுவார்கள்.

இனி உங்கள் கேள்வி. நாமம் போடுவது நெற்றியில், மொட்டை அடிப்பது தலையில், குத்துவது காதில், அல்வா போவது வாயில். எல்லாமே ஏமாந்தவர் உடம்பில் நடக்கின்றன. ஏமாற்றியவன் எப்படி வந்தான், என்ன சொன்னான், எந்த இடத்தில் பணம் கேட்டான் என்பது இவற்றில் ஒன்றிலும் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் எப்படி நின்றார் என்பதை மட்டுமே காட்டுகின்றன. கேட்கிறவருக்கு அடையாளம் தெரிவது அவர் ஒருவரைத்தான். அதனால்தான் உங்கள் வீட்டில் சித்தி வேடிக்கைப் பொருளானார். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அடுத்த ஆள் ஏமாறுவதற்கு இந்தச் சிரிப்பு நேரடிக் காரணம்.

பர்மியர்களின் 'ஜின்' இரண்டு பக்கமும் போகிறது. இஞ்சிதான் அது. 'ஜின் டெ' என்றால் ஒருவன் இஞ்சியைப் போட்டான், ஏமாற்றினான் என்று அர்த்தம். 'ஜின் மி' என்றால் மாட்டிக்கொண்டான். இளம் பிள்ளைகள் இதைப் பொருளுக்கும் சொல்கிறார்கள். பேஸ்புக்கில் காட்டிய போன் ஒன்று, வந்த போன் வேறு என்றால் அது ஜின். கடைப் பக்கத்தின் கீழே யாராவது இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால் பத்துப் பேர் விலகிப் போவார்கள். பொருள் கண் முன்னால் இருப்பதால் எதை எச்சரிக்கிறார்கள் என்று அங்கே தெரிகிறது. சின்ன வியாபாரத்தில் இந்தச் சொல் நன்றாக வேலை செய்கிறது.

420 முழுக்க ஏமாற்றியவன் மேல் நிற்கும் சொல். அதன் பின்னால் சட்டமும் இருக்கிறது. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்ததால் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கேயும் வந்து தங்கியது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து, அந்தக் குற்றம் 318(4) ஆகிவிட்டது. இங்கே இன்றும் பிரிவு 420தான். அந்தப் பிரிவில் வாக்குக் கொடுக்கும் போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நேர்மையாகக் கடன் வாங்கி, கடை நொடித்துத் திருப்பித் தர முடியாமல் போனவர் 420 ஆகமாட்டார். நம் தெருக்களில் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. கஷ்டத்தில் விழுந்த மனிதனையும் அந்த எண்ணால் அழைத்து, அவருக்கு அரிசிகூடக் கடன் கிடைக்காமல் செய்துவிடுகிறோம்.

இந்தச் சொல்லின் எல்லை எங்கே என்பதை ரங்கூனில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நடந்ததில் பார்க்கலாம். எழுதச் சொன்னவர் அவரே. தவறுதலாக வந்தது போல ஒரு குறுஞ்செய்தியில் ஆரம்பித்தது. "மன்னிக்கவும், வேறு எண்ணுக்கு அனுப்பிவிட்டேன்" என்றான். பிறகு தினமும் காலையில் வணக்கம், சாப்பிட்டீர்களா என்ற விசாரிப்பு. வாரக்கணக்கில் பணப் பேச்சே இல்லை. அப்புறம் தன் மாமாவுக்குத் தங்க விலை ஏற்ற இறக்கம் அத்துப்படி என்று ஒரு செயலியைக் காட்டினான். அக்கா 3 லட்சம் கியாட் போட்டார். சில நாளில் 3 லட்சத்து 45 ஆயிரமாக வெளியே எடுக்க முடிந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு அம்மா, "அவன் 420, விட்டுவிடு" என்று சொல்லியிருக்கிறார். சரியான எச்சரிக்கை, சரியான நேரம். அக்கா கேட்டது: "420 என்றால் என் காசு திரும்பி வந்திருக்குமா?" அதற்கு அந்த அம்மாவிடம் பதில் இல்லை. அந்தச் சொல் ஆள் கெட்டவன் என்று சொன்னதே தவிர, முதல் பணம் ஏன் திரும்பி வந்தது என்று சொல்லவில்லை. உண்மையில் அந்த 45 ஆயிரம்தான் இரை. அடுத்து பெரிய தொகை வரும் என்பதற்காகக் கும்பல் தன் கையிலிருந்து கொடுத்தது. செயலியில் ஓடும் எண்களுக்கும் தங்கச் சந்தைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அவர்களே உட்கார்ந்து ஏற்றுகிற எண்கள் அவை.

பிறகு அக்கா 38 லட்சம் போட்டார். திரையில் 90 லட்சம் தெரிந்தது. எடுக்கப் போனால், 20 சதவீதம் வரி, அதாவது 18 லட்சம், முதலில் தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். எந்தச் செயலியாக இருந்தாலும் மோசடி வெளியே தெரியும் இடம் இதுதான். 90 லட்சம் நிஜமாகவே அங்கே இருந்தால் 18 லட்சத்தைக் கழித்துக்கொண்டு 72 லட்சத்தைக் கொடுக்கலாம். உன் பணத்தை எடுக்க வெளியிலிருந்து புதுப் பணம் கொண்டுவா என்று ஒருவன் சொன்னால், உள்ளே பணமே இல்லை என்று அர்த்தம். அக்கா நகையை அடகு வைத்து அந்த 18 லட்சத்தையும் கட்டினார். அடுத்து "சரிபார்ப்புக் கட்டணம்" என்றார்கள். அப்போதுதான் நிறுத்தினார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் 'மொட்டை அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அவர் வெளியில் வாயைத் திறக்கவே இல்லை. சில மாதம் கழித்து அவரோடு வேலை பார்க்கும் பெண் ஒருவர், வேறு பெயரில் இருந்த அதே மாதிரிச் செயலியில் வரி என்ற இடம் வரை போய்விட்டார். அக்கா முன்பே பேசியிருந்தால் அவர் அந்த முதல் 'லாபம்' வந்த இடத்திலேயே நின்றிருப்பார்.

நம் பேச்சு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். மியாவடி, லாவ்காய் பக்கம் வளர்ந்த மோசடி வளாகங்களுக்குள் பேசப்படும் சீனக் குழூஉக்குறியில் ஏமாறுகிறவர் பன்றி. பேசிப் பழகுவது பன்றி வளர்ப்பது, எழுதிக் கொடுக்கும் பேச்சு பன்றித் தீனி, பணத்தைப் பிடுங்குவது அறுப்பு. ஏமாற்றுகிறவர்கள் வைத்த அந்தப் பெயரை உலகம் அப்படியே எடுத்துப் பத்திரிகைகளில் எழுதியது. 2024 டிசம்பரில் இன்டர்போல் அந்தப் பெயரை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. தன்னைப் பன்றி என்று அழைக்கும் வழக்கைப் பதிவு செய்ய யாரும் காவல் நிலையம் போகமாட்டார்கள், வெட்கப்பட்டு மறைப்பார்கள் என்பதுதான் காரணம். அங்கே பன்றி செய்த வேலையைத்தான் நம் வீட்டில் மொட்டை செய்கிறது.

பர்மியப் பேச்சில் இந்தத் தொழிலுக்கு 'ச்சாஃபியன்' என்று பெயர் வந்துவிட்டது. ஏமாந்தவரைத் தொடாமல் தொழிலையே சுட்டுவதால் இது எனக்குப் பிடித்த சொல். "தாய்லாந்து எல்லையில் கம்ப்யூட்டர் டைப்பிங் வேலை, சாப்பாடு, தங்குமிடம், பெரிய சம்பளம்" என்று ஒரு பையன் வீட்டில் வந்து சொன்னால், "அது ச்சாஃபியன் வேலைடா" என்று அம்மா சொல்ல முடிகிறது. பையனுக்கும் உடனே புரிகிறது: பாஸ்போர்ட் பறிபோகும், வெளியே வர முடியாது, அங்கே உட்கார்ந்து வேறு யாரோ ஒரு சித்தியை ஏமாற்ற வேண்டியிருக்கும். ஆனால் பேசிப் பழகும் கட்டத்தில் இந்தச் சொல்லும் தோற்கிறது. "என்னை ச்சாஃபியன் என்று நினைக்காதீர்கள் அக்கா" என்று ஏமாற்ற வந்தவனே முதலில் சொல்லிவிடுகிறான். தன்னைப் பற்றித் தானே சந்தேகம் எழுப்பி, தானே தீர்த்து வைப்பது அவர்களுக்குக் கொடுத்திருக்கும் பேச்சிலேயே இருக்கிறது.

ஆகவே கோயில் குழுவில் கட்டாயம் சொல்லுங்கள். சித்தியின் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். பணம் வாங்கிய KBZPay கணக்குக்காரரின் பெயரையும் படத்தையும் போட்டு, பர்மிய மொழியில் ஏமாற்றுக்காரனைச் சொல்லும் 'லூ லெயின்' என்ற சொல்லால் பேஸ்புக்கில் எழுதவும் வேண்டாம். அந்தக் கணக்கு பெரும்பாலும் யாரோ ஏழையிடம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். அதோடு, 2013 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 66(d) பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம். நம் ஊரில் இத்தனை பேர் பெயரைச் சொல்லாமல் இஞ்சி, எண் என்று பேசுவதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, கணக்கு எண், தேதி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுக்கலாம். பணம் திரும்புவது அபூர்வம். ஆனால் அனுப்பியது சில மணி நேரத்துக்கு முன்புதான் என்றால் முதலில் கணக்கு இருக்கும் நிறுவனத்தைக் கூப்பிட்டு முடக்கச் சொல்ல வேண்டும், போலீஸ் அதற்கு அப்புறம்.

குழுவில் போட நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"அக்காமார்களே, நம்மில் ஒருவருக்கு நடந்தது. தவறான எண் என்று வந்த ஆள் ஒரு மாதம் அன்பாகப் பேசி, தங்க வியாபாரச் செயலி ஒன்றைக் காட்டினான். முதலில் போட்ட சின்னத் தொகை லாபத்தோடு திரும்பி வந்தது. அதை நம்பிப் பெரிய தொகை போட்டதும், எடுக்க வரி கட்டு என்றான். இதில் எந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன், யாரும் சிரிக்கமாட்டோம்."