சந்தாவை நிறுத்திய பிறகும் நிற்காத பார்சல்

"அமேசானில் மாதாமாதம் வரும் டயப்பர் சந்தாவை நேற்று ரத்து செய்தேன். ஆனாலும் 12ஆம் தேதி பார்சல் ஆர்டர்களில் அப்படியே இருக்கிறது. குழந்தைக்கு அந்த அளவு இனிப் போதாது. என்ன செய்வது?"

வணக்கம். நீங்கள் நிறுத்தியது இனி வரும் மாதங்களை மட்டுமே. 12ஆம் தேதிக்குரியது அதற்கு முன்பே தனி ஆர்டராகப் பதிவாகிவிட்டதால், அதைத் தனியாகத்தான் ரத்து செய்ய வேண்டும். Your Orders பக்கத்தில் அந்த ஆர்டரைத் திறந்து, Cancel items தெரிகிறதா என்று உடனே பாருங்கள். தெரிந்தால் இப்போதே அழுத்துங்கள். ரத்து உறுதியானதாக மின்னஞ்சல் வரும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டாம், ஏனெனில் கிடங்கில் பொருளைக் கட்டத் தொடங்கியிருந்தால் கோரிக்கை ஏற்கப்படாமலும் போகலாம். அந்தப் பொத்தான் மறைந்து Track package மட்டும் தெரிந்தால், பார்சல் கிளம்பிவிட்டது என்று பொருள். அப்போது கொண்டுவருபவரிடம், பெட்டியைக் கையில் வாங்காமலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பெரிய அளவுக்குப் புதிய சந்தா தொடங்கினால், அனுப்புவதற்குச் சில நாள் முன்பு வரும் நினைவூட்டல் மின்னஞ்சலைத் தவறவிடாதீர்கள். மாற்றம் செய்வதற்கான கடைசி நாளும் அப்போதைய விலையும் அதில்தான் இருக்கும். வீட்டில் இருப்பு மீதமிருந்தால், அந்த நாளுக்குள் Skip கொடுப்பதே போதும். அது அந்த ஒரு பார்சலை மட்டும் தவிர்க்கும், சந்தா தொடரும்.