அகராதியை முதலில் எழுதுங்கள்

"முதுநிலை ஆய்வேட்டுக்காக, வீட்டில் தமிழ் பேசுவது பற்றித் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் 212 பேரிடம் கருத்தாய்வு நடத்தினேன். பாதிப் பேர் தமிழிலும் மீதிப் பேர் ஆங்கிலத்திலும் பதிலளித்திருக்கிறார்கள். எக்செல் கோப்பைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. மேற்பார்வையாளர் 'தரவு அகராதி' வேண்டும் என்கிறார். ஒருவர் 600 வெள்ளிக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?"
- வாசகி, பொங்கோல்

கொடுக்காதீர்கள். அப்படிச் சுத்தமாகி வந்த ஒரு கோப்பை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். ஒரு காலிக் கட்டம்கூட இல்லை, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 1 முதல் 5 வரை மட்டுமே வரக்கூடிய நெடுவரிசையில் 3.47 என்ற எண் பதினொரு இடங்களில் இருந்தது. பதில் சொல்லாதவர்களின் கட்டங்களை அந்த மனிதர் சராசரியால் நிரப்பியிருக்கிறார். எங்கே நிரப்பினார் என்று எழுதி வைக்கவில்லை. தேர்வாளர் கேட்டால் மாணவர் என்ன சொல்வார்? போதாததற்கு, பரிசுக் குலுக்கலுக்காக வாங்கிய கைப்பேசி எண்களும் அதே கோப்பில் போயிருந்தன. உங்களிடமும் அப்படி எண்கள் இருந்தால், இன்றே வேறு கோப்புக்கு மாற்றுங்கள். ஆய்வுக் கோப்பில் 1 முதல் 212 வரை ஒரு வரிசை எண் இருந்தால் போதும்.

இணையப் படிவத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தமிழில் பேசுகிறீர்கள்?" என்பதற்கு "1-2" என்று ஒருவர் பதில் தந்திருந்தால், எக்செல் அதைத் தேதி என்று எண்ணிப் பிப்ரவரி 1 ஆக்கிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் பழைய பதில் போனது போனதுதான். தமிழ் எழுத்துகளும் சிதைந்து தெரியலாம். `Data > From Text/CSV` வழியாகத் திறந்து, `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` என்பதையும், கீழே `Do not detect data types` என்பதையும் தேர்ந்தெடுங்கள். வந்த தாளுக்கு `raw` என்று பெயரிட்டு, எக்செல் கோப்பாகவே சேமித்து, அதை இனித் தொடாதீர்கள். திருத்தங்கள் எல்லாம் `clean` என்ற இன்னொரு தாளில் நடக்கட்டும்.

இப்போது அகராதிக்கு வருவோம். ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது, அதில் உள்ள எண்களுக்கு என்ன பொருள் என்று சொல்லும் பட்டியல்தான் அது. அதை ஆய்வேட்டின் கடைசி வாரத்தில் ஒட்டவேண்டிய பின்னிணைப்பாகவே நம் துறைகள் நடத்துகின்றன. நெறிமுறைக் குழுப் படிவத்தில் தரவு மேலாண்மைக்குப் பக்கம் ஒதுக்குகிறார்கள். புள்ளியியல் மென்பொருளுக்கு ஒரு பருவம் வகுப்பு எடுக்கிறார்கள். நடுவில் உள்ள இந்த வேலையை யாரும் சொல்லித் தருவதில்லை. மாணவர்கள் இடைத்தரகரைத் தேடுவது இதனால்தான். உண்மையில் அகராதிதான் முதல் வேலை, ஏனென்றால் பதில்களை எண்களாக்கிக் குறியிடும் வேலையை அதுவே செய்துகொடுக்கும்.

`codes` என்று ஒரு தாள் திறந்து, முதல் நெடுவரிசையில் பதிலின் வாசகத்தையும் இரண்டாவதில் எண்ணையும் எழுதுங்கள். "ஒப்புக்கொள்கிறேன்" என்பதற்கு 4. அடுத்த வரியில் `Agree` என்பதற்கும் அதே 4. இரு மொழிப் பதில்களும் ஒரே எண்ணில் வந்து சேரும். பிறகு `clean` தாளில் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(TRIM(raw!D2)="",-99,
 XLOOKUP(TRIM(raw!D2),codes!$A$2:$A$40,
 codes!$B$2:$B$40,"CHECK"))
```

பட்டியலில் இல்லாத பதில் வந்தால் `CHECK` என்று நிற்கும். வாசகம் சரியாக இருந்தும் அப்படி நின்றால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டியிருக்கலாம். அந்த வாசகத்தையே நகலெடுத்துப் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். `raw` தாளைத் திருத்த வேண்டியதில்லை. பழைய எக்செலில் இந்தச் சூத்திரம் இயங்காது. அதில் `VLOOKUP` பயன்படும்.

-99 என்பது பதில் சொல்லாதவருக்கான குறி. பலர் இதற்கு 9 அல்லது 0 போடுகிறார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் 4 சொல்லி ஒருவர் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சராசரி 4. விட்டவருக்கு 9 போட்டால் 4.5, 0 போட்டால் 3.6. இரண்டும் நம்பும்படி இருப்பதால் தவறு கண்ணில் படாது. -99 போட்டு மறந்திருந்தால் -6.3 வரும்; உடனே தெரிந்துவிடும். எஸ்பிஎஸ்எஸ் பயன்படுத்தினால் `Variable View` பக்கத்தில் `Missing` என்ற இடத்தில் இந்த எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாக் காலிக் கட்டமும் ஒன்றல்ல. "வீட்டில் தாத்தா, பாட்டி இருக்கிறார்களா?" என்ற கேள்விக்கு இல்லை என்றவர், "அவர்களுடன் பிள்ளை எந்த மொழியில் பேசுகிறது?" என்பதைத் தாண்டிப் போவது சரிதான். அவர் பதில் மறுத்தவர் அல்லர், கேள்வியே அவருக்குப் பொருந்தவில்லை. அவருக்கு -88 போடுங்கள். -99 போட்டால் பலர் அந்தக் கேள்வியைத் தவிர்த்ததாகத் தோன்றும். ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் "தமிழ்" என்று எழுதியவர்களும் இருப்பார்கள். முரண்பாடு என்று அழித்துவிடத் தோன்றும். அழிக்காதீர்கள். இங்கே பாட்டி எதிர் புளோக்கில் இருப்பார், பிள்ளை பள்ளி விட்டு நேரே அங்கே போகும், இரவுதான் வீடு திரும்பும். "வீட்டில்" என்ற சொல்லுக்கு அந்தத் தாய் நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார். குறை உங்கள் கேள்வியில் இருக்கிறது. அவருடைய இரண்டு பதில்களையும் வைத்துக்கொண்டு, இப்படி எத்தனை பேர் என்று எண்ணி, என்ன முடிவு செய்தீர்கள் என்பதை அகராதியின் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள். அவர்களைச் சேர்த்து ஒருமுறை, விட்டு ஒருமுறை கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்றும் பாருங்கள். இந்த ஆய்வில் பாட்டியின் தமிழ்தான் பிள்ளையின் தமிழுக்கு ஆதாரமாக இருக்கக்கூடும். 600 வெள்ளிக்காரர் இந்த வரிகளை நொடியில் நீக்கியிருப்பார்.

எதிர்மறைக் கேள்விகளில் இன்னொரு பொறி உண்டு. "தமிழில் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் கெடும்" என்பதற்கு 5 போட்டவர் தமிழுக்குச் சாதகமானவர் அல்லர். எனவே எண்ணைத் திருப்ப வேண்டும்: 6 கழித்தல் பதில். ஆனால் -99-ஐ அப்படித் திருப்பினால் 105 ஆகிவிடும். அதற்கு:

```
=IF(F2<0,F2,6-F2)
```

இதைப் புதிய நெடுவரிசையில் இட்டு, பெயரின் கடைசியில் `_r` சேருங்கள். பழைய நெடுவரிசையின் மேலேயே மாற்றினால், ஒரு மாதம் கழித்துத் திருப்பியாயிற்றா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. இரண்டாம் முறையும் திருப்பிவிடுவீர்கள்.

மேற்பார்வையாளர் கேட்கும் அகராதியில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வரி வரும். ஆங்கிலம் கெடும் என்ற கேள்விக்கு அது இப்படி இருக்கும்: பெயர் `att3_r`, கேட்ட கேள்வி, தமிழிலும் ஆங்கிலத்திலும் படிவத்தில் இருந்தபடியே, 1 முதல் 5 வரை ஒவ்வோர் எண்ணின் பொருள், விடுபட்டதற்கு -99, `att3` நெடுவரிசையிலிருந்து திருப்பப்பட்டது, திருப்பிய தேதி. பாட்டி கேள்விக்கான வரியில் மட்டும் குறிப்பு நீளமாக இருக்கும். அதைச் சுருக்காதீர்கள்.