நன்றாக ஓடிய கேரோசலை ரீல்ஸாகவும் ஒற்றைப் படமாகவும் மாற்றுவது

கேள்வி: "எங்கள் பக்கத்தில் ஒரு கேரோசல் மற்றவற்றைவிட நன்றாகப் போனது. அதையே ரீல்ஸாகப் போடலாமா, ஒற்றைப் படமாகப் போடலாமா? ஸ்லைடுகளை வரிசையாக ஓடவிட்டு இசை சேர்த்தேன், யாரும் பார்க்கவில்லை. எப்படிச் செய்வது?"

கோவையில் சிறு கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் பக்கங்களை எழுதித் தருவது என் தொழில். ஸ்லைடுகளை ஓடவிடுவது ஏன் எடுபடுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேரோசலில் வேகம் வாசகரின் விரலில் இருக்கிறது. பிடித்த ஸ்லைடில் நின்று இரண்டு முறை படிப்பார், வேண்டாததைச் சட்டென்று தள்ளிவிடுவார். காணொளியில் அந்த உரிமை அவரிடம் இல்லை, நீங்கள் வைத்ததுதான் வேகம். நாற்பது சொற்கள் உள்ள ஒரு ஸ்லைடை மூன்று விநாடி காட்டினால் யாராலும் படித்து முடிக்க முடியாது. பத்து விநாடி காட்டினால் அசையாத படத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒற்றைப் படத்தில் வேகம் என்ற பேச்சே கிடையாது. "அடுத்து" என்று ஒன்று இல்லாததால் எல்லாம் ஒரே பார்வையில் முடிய வேண்டும். ஆகவே ஸ்லைடுகளை அப்படியே கடத்திச் செல்லாதீர்கள். எதனால் ஓடியதோ அந்த ஒரு விஷயத்தை மட்டும் வெளியே எடுத்துப் புதிதாக எழுதுங்கள்.

அது எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. ஓர் உண்மையான வேலையை வைத்தே சொல்கிறேன். வெட் கிரைண்டர் விற்கும் ஒரு கடைக்காக "மாவு பொங்கவில்லையா? அரிசியைக் குறை சொல்லாதீர்கள்" என்று எட்டு ஸ்லைடு கேரோசல் செய்தோம். முதலில் தலைப்பு. பிறகு பழைய உளுந்து, ஊறும் நேரம், மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறுவது, உளுந்து மாவைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பது, எந்தப் பருவத்தில் எத்தனை மணி நேரம் வெளியில் வைப்பது, குளிர்பெட்டிக்குள் எப்போது வைப்பது என்று வரிசையாகப் போய், கடைசியில் கடை முகவரி. கடைக்காரருக்கு மிக்ஸி ஸ்லைடைத்தான் ரீல்ஸாக்க வேண்டும் என்று ஆசை. விற்பது கிரைண்டர் ஆயிற்றே!

பதிவின் கீழுள்ள View insights பகுதியில் விருப்பங்களைவிடச் சேமிப்பும் பகிர்வும் என்ன சொல்கின்றன என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். சேமிப்பு மிகுதி என்றால், அதில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது: அளவு, நேரம், பட்டியல். இவை ஒற்றைப் படத்துக்குப் பொருந்தும். பகிர்வு மிகுதி என்றால், "இதைப் பாரேன்" என்று இன்னொருவரிடம் காட்டத் தோன்றும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதில் அசைவும் இருந்தால் காணொளிக்குப் பொருந்தும். எந்த ஸ்லைடு அந்த வேலையைச் செய்தது என்பதை இந்த எண்கள் சொல்லாது, கருத்துகள் சொல்லும். எங்கள் பதிவின் கீழ் மிக்ஸியைப் பற்றிப் பேசியவர் அரிது. "உளுந்து மாவு மிதக்குமா, நிஜமாகவா?" என்று ஒரு கூட்டம் கேட்டது. "ஊட்டியில் எத்தனை மணி நேரம் வைப்பது?" என்று இன்னொரு கூட்டம். முதல் கேள்வியில் அசைவு இருக்கிறது, இரண்டாவதில் கணக்கு இருக்கிறது. ஆக, முதலாவது காணொளி, இரண்டாவது படம். மிக்ஸி ஸ்லைடை விட்டுவிட்டோம்.

காணொளியின் உள்ளடக்கம் இதுதான். அரிசியோடு கலக்கும் முன், தனி உளுந்து மாவை ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட வேண்டும். நன்றாக அரைபட்டுக் காற்றேறியிருந்தால் மிதக்கும், இல்லாவிட்டால் அடியில் போய்விடும். கேரோசலில் இதை ஆறு வரியில் விளக்கியிருந்தோம். காணொளியில் விளக்கமே தேவையில்லை, துளி விழுந்தால் போதும்.

கேரோசலின் முதல் ஸ்லைடு விடையை மறைக்கும். மறைத்தால்தான் விரல் நகரும். அதே தந்திரத்தைக் காணொளியின் தொடக்கத்தில் செய்தால் பார்ப்பவர் போய்விடுவார். ரீல்ஸைப் பார்ப்பவர்களில் பலர் உங்களைப் பின்தொடராதவர்கள். உங்கள் பக்கம் எது என்றே தெரியாதவர் விடைக்காகக் காத்திருக்க மாட்டார். எனவே நடப்பதை முதல் விநாடியிலேயே காட்டிவிட்டு, அது ஏன் நடந்தது என்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள். வணக்கம், கடைப் பெயர், "இன்று நாம் பார்க்கப்போவது" எதுவும் வேண்டாம்.

நாங்கள் எழுதிய வசனத்தைத் தருகிறேன். பேசுபவர் தன் வீட்டுப் பேச்சில் மாற்றிக்கொள்வார்.

0–3 விநாடி. கண்ணாடித் தம்ளர், தண்ணீர். துளி விழுந்து நேரே அடிக்குப் போகிறது. குரல்: "இந்த மாவில் நாளை இட்லி ஊற்றினால் கல்தான்."

3–10 விநாடி. கிரைண்டரில் ஓடும் உளுந்து, ஒரு கை வழித்து எடுக்கிறது. குரல்: "இது அரிசி கலக்காத உளுந்து மாவு. தொட்டுப் பார்த்தால் பதம் போலத்தான் இருக்கும். தண்ணீரில் விட்டால் உண்மை தெரியும்."

10–17 விநாடி. கை தண்ணீர் தெளிக்கிறது, கல் சுற்றுகிறது. குரல்: "மூழ்கினால் காற்று ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து இன்னும் அரையுங்கள்."

17–24 விநாடி. அதே தம்ளர், அதே கோணம். துளி மிதக்கிறது. இரண்டு விநாடி குரலே இல்லை. பிறகு: "இதுதான் பதம். இனி அரிசி மாவோடு கையால் கலக்கலாம்."

24–28 விநாடி. ஆவி பறக்கும் இட்லியைப் பிட்டுக் காட்டுதல். குரல் இல்லை.

எண்ணிப் பாருங்கள், முப்பத்தைந்து நாற்பது சொற்கள்தான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. விகுதிகளெல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்பதால், ஆங்கிலக் காணொளிகளுக்குச் சொல்லப்படும் சொல்லெண்ணிக்கையை நம்பி எழுதினால் பேசுபவருக்கு மூச்சு வாங்கும். எழுதியதைக் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே நம்பத்தக்க அளவு. துளி மிதக்கும் இடத்தில் குரலை நிறுத்தியது வேண்டுமென்றே. அங்கே கண் வேலை செய்கிறது, காது குறுக்கிடக் கூடாது.

ஒலியில்லாமல் பார்ப்பவர்களுக்காக எழுத்து வேண்டும். ஆனால் பேசுவதை முழுவதும் எழுதாமல் "மூழ்கினால் இன்னும் அரைக்கவும்" என்ற அளவில் மூன்று நான்கு சொற்கள் போதும். வரியை நீங்களே உடையுங்கள். செயலியிடம் விட்டால் "பொங்கவில்" ஒரு வரியிலும் "லை" அடுத்த வரியிலும் வந்து நிற்கலாம். ரீல்ஸின் அளவு 1080×1920. அடிப்பகுதியைப் பக்கப் பெயரும் விவரக் குறிப்பும், வலது ஓரத்தைப் பொத்தான்களும் மறைக்கும் என்பதால் எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். கேரோசலுக்குச் செய்த 1080×1350 வடிவமைப்பை இழுத்து ஒட்டினால் கீழ்வரிதான் முதலில் காணாமல் போகும்.

போட்ட பிறகு, எவ்வளவு பேர் எந்த விநாடிவரை இருந்தார்கள் என்று View insights காட்டும் வரைபடக் கோட்டைப் பாருங்கள். முதல் மூன்று விநாடியிலேயே செங்குத்தாக விழுந்தால் தொடக்கக் காட்சி சரியில்லை. அதை மட்டும் மாற்றி மறுபடி எடுக்கலாம். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று சரிந்தால், பெரும்பாலும் அங்கே இரண்டாவது விஷயம் ஒன்றை நுழைத்திருப்பீர்கள். ஊறும் நேரத்தையும் இதிலேயே சொல்லிவிடலாம் என்ற ஆசை வரும், அதற்கு இடங்கொடுக்காதீர்கள்.

ஒற்றைப் படம் வேறு வகை. அதில் எழுதியது இவ்வளவுதான்:

மாவு எவ்வளவு நேரம் வெளியில்?
சித்திரை, வைகாசி வெயிலில்: 6–8 மணி
சாதாரண நாளில்: 8–10 மணி
மார்கழிக் குளிரில்: 12–14 மணி
ஒன்றரை மடங்கு எழும்பியதும் குளிர்பெட்டிக்குள்.

எட்டு ஸ்லைடிலிருந்து இது மட்டும் தப்பியது. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி செல்சியஸ் அளவிலான சூடு பிடிக்கும், குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்ற காரணத்தைப் படத்தில் போடாமல் கீழே விவரக் குறிப்பில் எழுதினோம். காரணம் தெரியாவிட்டாலும் படம் பயன்பட வேண்டும், அதுதான் கணக்கு. இது கோவை வெப்பத்துக்கான நேரம். ஊட்டிக்காரர்களுக்குப் போதாது என்பதால் கடைசி வரி முக்கியமானது: கடிகாரம் பொய்த்தாலும் எழும்பிய அளவு பொய்க்காது.

நம் ஊரில் இப்படிப்பட்ட படம் இன்ஸ்டாகிராமோடு நிற்பதில்லை. ஸ்கிரீன்ஷாட்டாகி, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், பெரியம்மா கைப்பேசியில் போய் இறங்கும். போகிற வழியில் விவரக் குறிப்பு உதிர்ந்துவிடும், படத்தின் தரமும் குறையும். அதனால் மெல்லிய எழுத்துருவையும் வெளிர் நிறத்தையும் தவிர்த்தோம். பக்கப் பெயரை மூலையில் வைக்காமல் கடைசி வரிக்கு ஒட்டிக் கீழே வைத்தோம். மூலையில் இருந்தால் ஓரத்தை வெட்டும்போது போய்விடும். கையை முழுவதும் நீட்டிக் கைப்பேசியைப் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பதிவேற்றினோம். "இது எந்த மாவுக்கு?" என்று யாராவது கேட்டால் படம் தனியாக நிற்கவில்லை என்று பொருள். கேட்டார்கள். தலைப்பில் "இட்லி" என்ற சொல்லைச் சேர்த்து மறுபடி போட்டோம்.

எதை முதலில் போடுவது என்றால், காணொளியை முதலில் போடுவேன். அது புதியவர்களை அழைத்து வரும். வந்தவர் பக்கத்தில் சேமிக்கத்தக்க படத்தையும் பழைய கேரோசலையும் பார்ப்பார். மூன்றையும் ஒரே வாரத்தில் போட்டால் ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்குச் சலித்துவிடும். இடையில் வேறு பதிவுகளை விட்டு, சில வாரங்கள் கழித்துப் போடுங்கள்.

எல்லாக் கேரோசலையும் இப்படிப் பிரிக்க முடியாது. அதே கடைக்கு, கிரைண்டர் கல்லைக் கழற்றிக் கழுவி மாட்டுவதைப் படிப்படியாகக் காட்டும் ஒன்றைச் செய்தோம், அதுவும் நன்றாக ஓடியது. அதில் எந்த ஒரு ஸ்லைடையும் தனியாக எடுத்தால் பயனில்லை. பார்ப்பவர் ஈரக் கையோடு நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியது என்பதால் ஓடும் காணொளியும் பொருந்தாது. அதை மாற்றவில்லை. கிரைண்டர் வாங்குபவர்களுக்கு அதன் இணைப்பை இப்போதும் கடைக்காரர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.